தேய்மானமும் அமார்டைசேஷனும்: ஒரு செக்கு ஆலையின் கணக்கை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரத்திலும் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. மார்ச் முடிந்து லாப நட்டக் கணக்கை அவர்கள் கையில் கொடுத்தால், பெரும்பாலோரின் விரல் வந்து நிற்கும் இடம் தேய்மானம் என்ற வரிதான். அந்த வரியை ஒட்டி ஒரே மாதிரியான சந்தேகங்களே ஆண்டுதோறும் வருவதால், கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே அவற்றைத் தொகுத்து, திருமங்கலத்தை அடுத்த ஒரு மரச்செக்கு எண்ணெய் ஆலையின் கணக்கை முன்வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கணக்கு எளிதில் விளங்குவதற்காகத் தொகைகளை முழு எண்களாக ஆக்கியுள்ளேன்.

"மெஷினு வாங்குன காச அந்த வருசமே செலவுன்னு எழுதிட்டா முடிஞ்சிருமே சார், எதுக்குப் பத்து வருசத்துக்கு இழுக்கணும்?"

அந்தச் செக்கு முதல் ஆண்டில் மட்டும் எண்ணெய் ஆட்டிவிட்டு நின்றுவிடப் போவதில்லை என்பதே காரணம். செக்குக்கு ஆன மொத்தச் செலவு 4,80,000 ரூபாய். ஆலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர் எண்ணெய் ஆட்டுகிறார்கள். முழுத் தொகையையும் முதல் ஆண்டிலேயே செலவாக எழுதினால், அந்த ஆண்டின் ஒவ்வொரு லிட்டரும் 24 ரூபாய் இயந்திரச் செலவைச் சுமக்கும். அடுத்த ஆண்டு அதே செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு இயந்திரச் செலவே இல்லை என்று கணக்கு சொல்லும். இரண்டுமே பொய்யான விலைகள்.

ஒரு சொத்தின் அடக்கத்தை, அது பயன் தரும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வோர் ஆண்டின் வருமானத்துக்கு எதிரே அந்த ஆண்டின் பங்கை மட்டும் வைப்பதையே தேய்மானம் என்கிறோம். சந்தையில் செக்கின் விலை எவ்வளவு இறங்கியது என்று அளந்து பார்க்கும் வேலை அதில் இல்லை. கொடுத்த பணத்தைப் பங்கிடும் வேலை மட்டுமே உண்டு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் தாமாகவே அவிழ்ந்துவிடும்.

"பில்லுல இருக்குற விலைய வச்சுத்தான கணக்குப் போடணும்?"

பில்லில் உள்ள விலையில் தொடங்கி, செக்கு ஓடத் தயாராகும் வரை ஆன செலவுகளையும் சேர்க்க வேண்டும். நம் ஆலையில் செக்கின் விலை 4,20,000 ரூபாய். லாரி வாடகை 12,000, அடித்தளம் போட்டுப் பொருத்த 28,000, மோட்டாருக்குத் தனி வயரிங் இழுக்க 20,000 என்று சேர்ந்து 4,80,000 ஆனது. செக்கு ஓடத் தொடங்கிய பிறகு ஆகும் எண்ணெய், கிரீஸ், பெல்ட் போன்றவை இதில் சேரா. அவை அந்தந்த ஆண்டின் பராமரிப்புச் செலவு.

இரண்டு இடங்களில் பலர் தவறுகிறார்கள். செக்கின் பில்லில் உள்ள ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டவர், அதே தொகையை அடக்க விலையிலும் சேர்த்துத் தேய்மானம் எழுதக் கூடாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். மற்றொன்று ரொக்கம். சொத்து வாங்கும்போது ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகை சொத்தின் அடக்கத்தில் சேராது. லாரிக்காரருக்கு 12,000 ரூபாயை ரொக்கமாக எடுத்து நீட்டியிருந்தால், அது ஆலைக்காரருக்கு எந்த ஆண்டிலும் வரிக் கழிவு தராத பணமாகப் போயிருக்கும். அவர் வங்கி வழியாக அனுப்பியதால் தப்பித்தார்.

"பத்து வருசம்னு நீங்களா சொல்றீங்களா, இல்ல எங்கயும் எழுதியிருக்கா?"

நிறுவனங்களுக்கு எழுதியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு, அறைகலன்களுக்கு 10 ஆண்டு, கணினிக்கு 3 ஆண்டு என்று பயனளிப்புக் காலத்தைத் தருகிறது. பயன் முடிந்தபின் விற்றால் கிடைக்கும் என்று கணிக்கும் எஞ்சிய மதிப்பு, பொதுவாக அடக்க விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நம் ஆலைக்காரர் தனி உரிமையாளர். அந்த அட்டவணை அவரைக் கட்டுப்படுத்தாது என்பதால், தன் செக்கு உண்மையில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அவரே நேர்மையாகக் கணிக்கலாம்.

அவர் 10 ஆண்டு என்றார். இரண்டு ஷிப்ட் ஓட்டுகிறார், அதற்கு முன் வைத்திருந்த செக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலமே உழைத்தது என்பதால் நானும் ஏற்றுக்கொண்டேன். கடைசியில் இரும்பு விலைக்குப் போட்டால் 30,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டோம். 4,80,000-இல் 30,000 போக மீதி 4,50,000. பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 45,000. ஒவ்வோர் ஆண்டும் ஒரே தொகை எழுதும் இந்த வழியை நேர்க்கோட்டு முறை என்பார்கள். லிட்டருக்கு 2 ரூபாய் 25 காசு வருகிறது.

"செக்குல மரம் சீக்கிரம் போயிரும், இரும்பு கெடக்கும். ரெண்டுக்கும் ஒரே பத்து வருசமா?"

இதைக் கேட்டவர் அந்த ஆலைக்காரரேதான், என் கணக்கைத் திருத்தியதும் இந்தக் கேள்விதான். செக்கின் உரலும் உலக்கையும் வாகை மரம். எள்ளும் கடலையும் அரைபட அரைபட உரலின் உட்பக்கம் அகன்றுகொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் உலக்கை பிடிப்பாக உட்காராது, பிண்ணாக்கில் எண்ணெய் தங்கிவிடும். பிண்ணாக்கை விரல்களால் நசுக்கிப் பார்த்தே மரம் மாற்றும் காலம் வந்துவிட்டதை அவர் சொல்லிவிடுவார். மரம் மாற்றிய ஒவ்வொரு தேதியையும் மோட்டார் அறைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். அந்தத் தேதிகளுக்கு இடையே ஏறத்தாழ மூன்று மூன்று ஆண்டுகள். பயனளிப்புக் காலத்துக்கு அதைவிட நல்ல சான்று எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

எனவே 4,80,000-ஐ இரண்டாகப் பிரித்தோம். மரப்பகுதி 60,000, மூன்று ஆண்டு, முடிவில் விறகு விலைதான் என்பதால் எஞ்சிய மதிப்பு இல்லை, ஆண்டுக்கு 20,000. இரும்புச் சட்டம், மோட்டார், கியர் பாக்ஸ் ஆகியவை 4,20,000, பத்து ஆண்டு, எஞ்சிய மதிப்பு 30,000, ஆண்டுக்கு 39,000. மொத்தம் 59,000. லிட்டருக்கு 2 ரூபாய் 95 காசு ஆகிறது. முன்பு நினைத்ததைவிட 70 காசு கூடுதல்.

பிரிக்காமல் விட்டிருந்தால் நான்காம் ஆண்டில் சிக்கல் வந்திருக்கும். பழைய மரம் விறகாகப் போன பிறகும் அதன் அடக்கத்தில் பாதிக்கு மேல் ஏட்டில் சொத்தாக நின்றிருக்கும். அதன் மேல் புது மரத்தின் செலவும் வந்து ஏறியிருக்கும். தனித்தனியே எழுதியதால் பழைய மரத்தின் கணக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் சுழியானது. 66,000 ரூபாய்க்கு வாங்கிய புது மரம், ஆண்டுக்கு 22,000 என்று தன் சொந்தக் கணக்கைத் தொடங்கியது. எல்லா இயந்திரத்தையும் இப்படித் துண்டு போடத் தேவையில்லை. ஒரு பகுதியின் விலையும் கணிசமாக இருந்து, அதன் ஆயுளும் மற்றவற்றிலிருந்து வெகுவாக மாறுபட்டால் மட்டும் பிரித்தால் போதும்.

"வருசா வருசம் தேய்மானம்னு எடுக்குறீங்களே, அந்தப் பணம் எங்கண்ணே இருக்கு?"

எங்கும் எடுத்து வைக்கப்படவில்லை. செக்குக்கான பணம் வாங்கிய அன்றே கையை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு எழுதுவது ஏட்டுப் பதிவுதான்; கல்லாவில் ஒரு ரூபாய்கூட அதனால் அசைவதில்லை.

ஆனால் அந்தப் பதிவு ஒன்றைக் காட்டிக் கொடுக்கிறது. எள், கூலி, மின்சாரம் எல்லாம் போக ஆண்டுக்கு 3,59,000 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் 59,000 போக லாபம் 3,00,000. வீட்டுச் செலவுக்கு 3,00,000 வரை எடுப்பவர் லாபத்தை எடுக்கிறார். 3,59,000-ஐயும் எடுப்பவர், தன் செக்கையே சிறிது சிறிதாகக் கழற்றிச் சாப்பிடுகிறார். அந்த 59,000-ஐ மாதாமாதம் ஒரு தொடர் வைப்புக் கணக்கில் போட்டு வரும்படி நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். அது தேய்மானத்தால் தானாக நடப்பதன்று, நாம் தனியாகச் செய்ய வேண்டிய வேலை. புது மரம் 60,000-இலிருந்து 66,000 ஆனதைப் போல மறுபடி வாங்கும் விலை ஏறியே இருக்கும். தேய்மானமோ பழைய அடக்கத்தை மட்டுமே பங்கிடும் என்பதால், வைப்பில் சற்றுக் கூடுதலாகவே போட வேண்டும்.

"பேங்க் லோன் தவணை கட்டிக்கிட்டுத்தான இருக்கேன். அதையே செலவா எழுதிட்டாப் போதாதா?"

தவணையில் வட்டிப் பகுதி மட்டுமே செலவு. அசல் பகுதி, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதுதான். அதை எழுதினால் கடன் குறையுமே தவிரச் செலவு கூடாது. அசலையும் தேய்மானத்தையும் இரண்டையும் செலவாக எழுதினால் ஒரே செக்கின் விலை இரண்டு முறை கழிந்துவிடும். கடன் ஐந்து ஆண்டில் தீரலாம், செக்கு பத்து ஆண்டு ஓடலாம். இரண்டு கெடுவுக்கும் தொடர்பில்லை.

அரசு மானியம் பெற்று வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இயந்திரத்துக்கென்றே வந்த மானியத்தை வரிக் கணக்கில் அடக்க விலையிலிருந்து கழித்துவிட்டு, மீதித் தொகைக்கே தேய்மானம் கேட்க முடியும்.

"ஆடிட்டர் பதினஞ்சு பர்சன்ட்டுங்குறாரு, நீங்க வேற தொகை எழுதுறீங்க. ரெண்டு பேர்ல யாரு சொல்றது சரி?"

இருவரும் சரியே, நாங்கள் பார்ப்பது இரண்டு வேறு கணக்குகளை. நான் எழுதுவது ஆலையின் உண்மையான ஆண்டுச் செலவைக் காட்டும் ஏடு. ஆடிட்டர் போடுவது வருமான வரிச் சட்டம் விதித்த விகிதம். அங்கே உங்கள் செக்கின் ஆயுளை யாரும் கேட்பதில்லை. பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், கணினிக்கும் மென்பொருளுக்கும் 40, அறைகலன்களுக்கு 10 என்று வகைக்கு ஒரு விகிதம். அதையும் ஆண்டுதோறும் மீதி நிற்கும் தொகையின் மேல் போட வேண்டும். இதுதான் குறைந்து செல் இருப்பு முறை. 4,80,000-க்கு முதல் ஆண்டு 72,000, மீதி 4,08,000-க்கு இரண்டாம் ஆண்டு 61,200, மீதி 3,46,800-க்கு மூன்றாம் ஆண்டு 52,020 என்று இறங்கிக்கொண்டே போகும், ஒருபோதும் சுழியாகாது.

நம் செக்கு ஏப்ரல் மாதமே ஓடத் தொடங்கியது. டிசம்பரில் ஓட்டத் தொடங்கியிருந்தால், அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகவே பயன்பட்டிருக்கும் என்பதால் பாதி விகிதமே, அதாவது 36,000 மட்டுமே முதல் ஆண்டில் கழியும். மீதி தொலைந்து போகாது. பின்வரும் ஆண்டுகளுக்கு நகரும். மார்ச் கடைசியில் அவசர அவசரமாக இயந்திரம் வாங்கி, பிரிக்காத பெட்டியோடு தேய்மானம் கேட்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வாங்கினால் மட்டும் போதாது, தொழிலுக்குப் பயன்படுத்தத் தொடங்கியிருக்க வேண்டும்.

"நெலம் கட்டடம் வெலையெல்லாம் ஏறிக்கிட்டே போகுதே, அதுக்கும் தேய்மானமா?"

நிலத்துக்குக் கிடையாது; அதற்குப் பயன் தீரும் காலம் என்று ஒன்றில்லை. கட்டடத்துக்கு உண்டு. முதல் பதிலில் சொன்னபடி நாம் சந்தை விலையை அளக்கவில்லை என்பதால், ஊரில் மனை விலை ஏறுவது இதை மாற்றாது. இரண்டையும் ஒரே பத்திரத்தில் வாங்கியிருந்தால் தொகையைப் பிரித்து எழுத வேண்டும்.

"கண்ணுக்குத் தெரியுற பொருளு தேயும், சரி. பேரு, சாஃப்ட்வேரெல்லாம் எப்படித் தேயும்?"

தேய்வதில்லை, ஆனால் அவற்றுக்கும் பயன் தீரும் நாள் உண்டு. கையால் தொட முடியாத சொத்துகளின் அடக்கத்தை அப்படிப் பங்கிட்டு எழுதுவதற்குத்தான் அமார்டைசேஷன் என்று தனிப் பெயர். கணக்குப் போடும் விதம் தேய்மானத்தைப் போன்றதே. பெரும்பாலும் நேர்க்கோட்டு முறையைக் கையாள்வார்கள். விறகு விலைக்குப் போடவும் ஒன்றும் இல்லாததால் எஞ்சிய மதிப்பைச் சுழி என்றே வைப்பார்கள்.

நம் ஆலைக்காரர், தொழிலை விட்ட ஒரு பழைய எண்ணெய் வியாபாரியிடமிருந்து அவருடைய பதிவுபெற்ற வணிகக் குறியை 1,50,000 ரூபாய்க்கு வாங்கினார். அந்தப் பெயரைத் தேடி வரும் பழைய வாடிக்கையாளர்கள் ஐந்து ஆண்டு வரை பயன் தருவார்கள் என்று கணித்து ஆண்டுக்கு 30,000 எழுதுகிறோம். வணிகக் குறிப் பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கவும் முடியும் என்றாலும், சட்டம் தரும் காலத்தையும் பயன் கிடைக்கும் காலத்தையும் ஒப்பிட்டுக் குறுகியதையே எடுத்தோம். வரிக் கணக்கில் வணிகக் குறிக்கு 25 சதவீதம், குறைந்து செல் இருப்பு முறையில்.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியமானது. விலை கொடுத்து வாங்கிய பெயர்தான் ஏட்டில் சொத்தாக ஏறும். இருபது ஆண்டு நல்ல எண்ணெய் விற்று நீங்களே ஈட்டிய பெயருக்கு எவ்வளவு மதிப்பிருந்தாலும், அதற்கென்று கொடுத்த விலை என்று பங்கிட ஒன்றும் இல்லை. ஒரு தொழிலை மொத்தமாக வாங்கும்போது தனியாகக் கொடுக்கும் நற்பெயர் மதிப்புக்கும், 2021-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்குப் பிறகு வரிக் கணக்கில் தேய்மானம் கிடையாது.

"கீழமாசி வீதில கடை எடுத்தேன். அட்வான்ஸ், பகடி, உள் வேலைன்னு மூணுக்கும் காசு போச்சு. எத எப்படி எழுதுறது?"

மூன்றும் மூன்று விதம். கடையைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்பி வரும் என்பதால் அது உரிமையாளரிடமிருந்து வர வேண்டிய பணம். அதைப் பங்கிடக் கூடாது. பகடி திரும்பி வராது. அந்தக் கடையில் குறிப்பிட்ட காலம் இருக்கும் உரிமைக்காகக் கொடுத்தது அது. ஆறு ஆண்டு ஒப்பந்தத்துக்கு 3,00,000 கொடுத்திருந்தால் ஆண்டுக்கு 50,000 என்று அமார்டைஸ் செய்ய வேண்டும். ரசீதோ வங்கிச் சான்றோ இல்லாமல் கொடுத்த பகடியை எந்த ஏட்டிலும் ஏற்ற முடியாது.

உள் வேலைதான் பலரும் தடுமாறும் இடம். சுவரோடு பதித்த அலமாரி, தரை, ஃபால்ஸ் சீலிங் என்று 2,40,000 ஆனது. தச்சரைக் கேட்டால் பதினைந்து ஆண்டு நிற்கும் என்பார், அது உண்மையும்கூட. ஆனால் ஆறாம் ஆண்டு முடிவில் சாவியைக் கொடுக்கும்போது அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பொருளின் ஆயுளை விட்டுவிட்டு, உங்களுக்கு அது பயன்படும் காலத்தையே எடுக்க வேண்டும். எனவே ஆண்டுக்கு 40,000. கையோடு எடுத்துச் செல்லக்கூடிய தராசு, மேசை, ஏசி ஆகியவற்றுக்கு அவற்றின் சொந்த ஆயுள். வரிக் கணக்கில், வாடகைக் கட்டடத்தில் நீங்கள் செய்த இந்த மாதிரி மூலதன வேலையை உங்கள் கட்டடம் போலவே பாவித்து 10 சதவீத விகிதத்தில் கழிப்பார்கள்.

"இந்த வருசம் ஏவாரமே இல்ல. தேய்மானத்த மட்டும் எழுதாம விட்டுட்டு அடுத்த வருசம் சேத்து எழுதலாமா?"

கூடாது. எள் விலை ஏறி ஆலை பாதி நாள் பூட்டிக் கிடந்தாலும் ஆண்டு ஒன்று கழிந்துவிட்டது. எழுதாமல் விட்டால் நட்டத்தை மறைத்ததாகும். வங்கிக்குக் கணக்கைக் கொடுக்கும்போது முதலில் கேட்கப்படுவதும் இதுவாகவே இருக்கும். வரியிலும் பயனில்லை, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த ஆண்டின் தேய்மானத்தைக் கழித்ததாகவே கொண்டு மீதியைக் குறைத்துவிடுவார்கள். முறையாக எழுதி வந்தால், ஈடுகட்டப்படாத தேய்மானத்தை ஆண்டு வரம்பின்றி முன்னெடுத்துச் செல்ல முடியும்.

"பத்து வருசம்னு எழுதுனோம், ஏழோட முடிஞ்சிரும் போலருக்கே. பழைய கணக்கையெல்லாம் திருத்தணுமா?"

பழைய ஆண்டுகளைத் தொட வேண்டாம். நம் ஆலையில் இதுவே நடந்தது. நான்காம் ஆண்டு முடியும்போது, அந்த மாதிரி கியர் பாக்ஸுக்கு உதிரிபாகம் வருவது நின்றுவிட்டது. இருப்பதை வைத்து இன்னும் மூன்று ஆண்டு ஓட்டலாம் என்று மெக்கானிக் சொன்னார். இரும்பு தேயவில்லை, ஆனாலும் பயன் முடியப்போகிறது.

நான்காவது பதிலில் பிரித்த இரும்புப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 4,20,000-இல் நான்கு ஆண்டுகளுக்கு 1,56,000 எழுதியாயிற்று. ஏட்டு மதிப்பு 2,64,000. எஞ்சிய மதிப்பு 30,000 போக மீதி 2,34,000-ஐ மிச்சமுள்ள மூன்று ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 78,000. 39,000 சட்டென்று இரட்டிப்பானதைப் பார்த்து ஆலைக்காரர் அதிர்ந்துதான் போனார். அன்று தெரிந்ததை வைத்துச் செய்த கணிப்பு பிழையாகாது. தெரிந்த பிறகும் மாற்றாமல் விடுவதே பிழை.

"வித்தப்ப ஏட்டுல நட்டம்னு வந்துச்சு, வரில அந்த நட்டத்தக் காணோம். எங்க போச்சு?"

ஐந்தாம் ஆண்டு முடிவில் அவர் அந்தச் செக்கை 2,00,000 ரூபாய்க்கு விற்றார். திருத்திய கணக்கின்படி இரும்பின் ஏட்டு மதிப்பு 1,86,000, இரண்டாவது மரத்தின் மீதி 22,000, மொத்தம் 2,08,000. நட்டம் 8,000. முந்தைய பதிலில் செய்த திருத்தத்தைச் செய்யாமல் விட்டிருந்தால் இரும்பு 2,25,000-இல் நின்று, நட்டம் 47,000 ஆகியிருக்கும். விற்கும் அன்று பெரிய நட்டம் தெரிந்தால், பெரும்பாலும் அது அன்று வந்த நட்டமாக இராது; முந்தைய ஆண்டுகளில் குறைவாக எழுதிய தேய்மானம் மொத்தமாக வந்து விழுகிறது. அடுத்த செக்குக்கு ஆயுளைக் கணிக்கும்போது அதை நினைவில் வைக்க வேண்டும்.

வரிச் சட்டமோ ஒவ்வொரு செக்குக்கும் தனி ஏடு வைப்பதில்லை. ஒரே வகையைச் சேர்ந்து ஒரே விகிதம் உள்ள சொத்துகளை ஒரே தொகுப்பாகப் பார்க்கிறது. செக்கு, வடிகட்டும் இயந்திரம், எள் சுத்தம் செய்யும் இயந்திரம் எல்லாம் சேர்ந்து தொகுப்பில் 5,00,000 நின்றிருந்தால், விற்ற 2,00,000-ஐக் கழித்து மீதி 3,00,000-க்கு 15 சதவீதமாக 45,000 தேய்மானம் கிடைக்கும். நட்டம் காணாமல் போகவில்லை. தொகுப்புக்குள் கரைந்து பல ஆண்டுகளாகக் கழிந்துகொண்டிருக்கிறது. தொகுப்பில் உள்ள எல்லா இயந்திரங்களையும் விற்றுவிட்டாலோ, விற்ற தொகை தொகுப்பின் மீதியைத் தாண்டிவிட்டாலோ, அந்த ஆண்டிலேயே குறுகிய கால மூலதன ஆதாயமாகவோ நட்டமாகவோ அது வெளியே வரும். ஆலையை மூடும் எண்ணத்தில் இருப்பவர்கள், கடைசி இயந்திரத்தை மார்ச்சுக்கு முன் விற்பதா பின் விற்பதா என்பதை விலை பேசும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.